அறிவியலும் போலி அறிவியலும்: மெய்ப்பிப்பு, பொய்ப்பிப்பு அளவுகோல்கள்

அறிவியல் கூற்றையும் அறிவியல் போலத் தோற்றமளிக்கும் கூற்றையும் பிரித்தறிவது எப்படி என்பது அறிவியல் மெய்யியலில் எல்லை வகுத்தல் சிக்கல் எனப்படுகிறது. இதற்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு விடைகள் பெரிதும் பேசப்பட்டன. ஒரு கூற்றை நேரடி அனுபவத்தால் உண்மை என்று காட்ட வழி இருக்க வேண்டும் என்பது முதல் விடை. இது மெய்ப்பிப்புக் கோட்பாடு எனப்படும். ஒரு கூற்று தவறாக இருந்தால் அதைத் தவறு என்று காட்ட வழி இருக்க வேண்டும் என்பது இரண்டாவது விடை. இது பொய்ப்பிப்புக் கோட்பாடு எனப்படும். இரண்டுக்கும் வலிமைகள் உண்டு. இரண்டும் தனித்து நின்றால் தடுமாறும் இடங்களும் உண்டு. கோடைக்கானலில் நடந்த ஓர் அளவீடும் புனேயில் நடந்த ஒரு சோதனையும் அவற்றைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஓர் எளிய எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டின் வட எல்லையில், ஆந்திரத்தோடு பகிர்ந்துகொள்ளும் உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. திருப்பாலைவனம் வட்டாரத்தை ஒட்டிய மீனவ ஊர்களில் பலருக்கு இந்த ஏரியே வாழ்வாதாரம். கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறுவதும் வற்றுவதும் நிலவின் நாள்களைப் பொறுத்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்ற வற்றம் மிகுந்து, நீரோட்டம் வேகம் பெறும்.

இந்தச் சூழலில் இருவர் இரண்டு கூற்றுகளைச் சொல்வதாகக் கொள்வோம். முதலாமவர், "அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் முகத்துவாரத்துக்கு அருகே இறால் கூடுதலாகக் கிடைக்கும்" என்கிறார். இரண்டாமவர், "நல்ல நேரம் பார்த்து வலை இட்டால் இறால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் வலை இட்டவரின் கிரக நிலை சரியில்லை என்று பொருள்" என்கிறார்.

சான்று காட்டச் சொன்னால் இருவராலும் காட்ட முடியும். முதலாமவர் நல்ல வரத்து இருந்த அமாவாசை நாள்களைச் சொல்வார். இரண்டாமவர் நல்ல நேரத்தில் வலை இட்டு நிறைய இறாலோடு திரும்பியவர்களைச் சுட்டிக்காட்டுவார். ஒத்துவந்த நிகழ்வுகளை மட்டும் எண்ணினால் இரண்டும் சம வலிமை உடையவை போலவே தோன்றும்.

"எது நடந்தால் உங்கள் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். முதலாமவருக்கு விடை உண்டு. ஒரே இடத்தில், ஒரே வகை வலையால், மூன்று மாதம் நாள்தோறும் கிடைத்த இறாலை எடைபோட்டுக் குறித்துவைக்கலாம். அமாவாசை, பௌர்ணமி நாள்களின் சராசரி மற்ற நாள்களின் சராசரியைவிடக் கூடவில்லை என்றால் அவர் கூற்று விழுந்தது. இரண்டாமவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. இறால் கிடைத்தால் நேரம் நல்லது, கிடைக்காவிட்டால் கிரகம் சரியில்லை. எது நடந்தாலும் கூற்று நிற்கிறது. எனவே நாளைக்கு வலை இடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது எந்த உதவியும் செய்வதில்லை.

மெய்ப்பிப்புக் கோட்பாடு

1920களில் ஆத்திரியத் தலைநகர் வியன்னாவில் மோரிட்ஸ் சிலிக் என்ற பேராசிரியரைச் சுற்றி அறிவியலாளர்களும் மெய்யியலாளர்களும் கொண்ட ஒரு குழு கூடிவந்தது. ருடால்ஃப் கார்னாப், ஓட்டோ நியூராத் முதலியோர் அதில் இருந்தனர். வியன்னா வட்டம் என்று பெயர்பெற்ற இக்குழு 1929இல் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. இவர்களது கருத்துகளை ஆங்கில வாசகர்களிடையே பரவலாக்கியவர் ஏ. ஜே. அயர், அவரது நூல் 1936இல் வெளிவந்தது.

ஒரு கூற்றின் பொருள் அதைச் சரிபார்க்கும் முறையில் உள்ளது என்று இவர்கள் கருதினர். எந்த அனுபவமும் சரிபார்க்க உதவாத கூற்று உண்மையும் அன்று, பொய்யும் அன்று, அது பொருளற்றது. கணிதம், தருக்கம் ஆகியவற்றின் கூற்றுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெய்ப்பிப்பு என்பது முதன்மையாகப் பொருளுள்ள கூற்றையும் பொருளற்ற கூற்றையும் பிரிப்பதற்காக வகுக்கப்பட்டது. அறிவியலையும் அறிவியல் அல்லாததையும் பிரிக்கும் வேலை அதன் உடன்விளைவாக வந்தது.

இக்கோட்பாட்டின் வலிமை எளிதில் விளங்கும். பேசுபவரை அது வானத்திலிருந்து தரைக்குக் கொண்டுவருகிறது. "பிரபஞ்ச ஆற்றல் உடலில் பாய்கிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த ஆற்றலை எந்தக் கருவி அளக்கும், எந்த அலகில், அளவு எவ்வளவு என்று கேட்கவைக்கிறது. விடை இல்லை என்றால் மேலே பேச ஒன்றும் இல்லை. "இருக்கிறது" என்னும் வகைக் கூற்றுகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும். "பழவேற்காடு ஏரியில் இந்த வகை மீன் உண்டு" என்ற கூற்றை, அந்த மீன் ஒன்றைப் பிடித்துக் காட்டினால் மெய்ப்பித்துவிடலாம்.

குறைகள் மூன்று. முதலாவது, அறிவியல் விதிகள் பெரும்பாலும் "எல்லா" என்று தொடங்குபவை. எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதை மெய்ப்பிக்க வேண்டுமானால், முன்பு இருந்தவை, இனி வரப்போகின்றவை உட்பட எல்லாப் பொருள்களையும் பார்த்தாக வேண்டும். அது இயலாது. கடுமையாகப் பின்பற்றினால் நியூட்டனின் ஈர்ப்பு விதியே அறிவியலிலிருந்து வெளியேறிவிடும். போலி அறிவியலை நிறுத்தப் போட்ட வேலி அறிவியலையே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது, இந்தக் குறையைப் போக்கக் கார்னாப் போன்றோர் அளவுகோலைத் தளர்த்தினர். முழுமையாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை, ஆதரவான சான்றுகள் சேரச் சேரக் கூற்றின் வலிமை கூடும் என்றனர். இப்போது வேலி மறுபக்கம் சாய்கிறது. ஆதரவான சான்று போதும் என்றால், பலித்த கணிப்புகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் சோதிடமும் உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது, "மெய்ப்பிக்க இயலாத கூற்று பொருளற்றது" என்ற கூற்றையே எந்த அனுபவத்தாலும் மெய்ப்பிக்க முடியாது. தன் அளவுகோலில் தானே தேறாமல் போகும் இந்தச் சிக்கலுக்கு, அது ஓர் உண்மைக் கூற்று அன்று, பயன் கருதிச் செய்துகொண்ட ஏற்பாடு என்று விடை சொல்லப்பட்டது. எல்லோரும் அதை ஏற்கவில்லை.

பொய்ப்பிப்புக் கோட்பாடு

கார்ல் பாப்பரும் வியன்னாவைச் சேர்ந்தவரே. ஆனால் வியன்னா வட்டத்தில் உறுப்பினராக இல்லாமல் அதன் விமரிசகராக இருந்தார். அவரது முதன்மை நூல் 1934இல் செருமன் மொழியிலும் 1959இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் விதை 1919இல் விழுந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

அப்போது அவருக்கு வயது 17 கூட ஆகவில்லை. மார்க்சின் வரலாற்றுக் கோட்பாடு, ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, ஆட்லரின் உளவியல் ஆகியவை வியன்னாவில் எங்கும் பேசப்பட்டன. அவற்றைப் பின்பற்றியவர்கள் எந்த நிகழ்ச்சியைக் கண்டாலும் அதில் தங்கள் கோட்பாட்டுக்குச் சான்று கண்டனர். அதே ஆண்டு மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளைகிறது என்று ஆங்கிலேய வானியலாளர்கள் அளந்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்லியிருந்தது. நியூட்டன் வழியில் கணக்கிட்டால் வருவது அதில் ஏறத்தாழப் பாதி. அளவீடு வேறாக வந்திருந்தால் கோட்பாடு விழுந்திருக்கும்.

பாப்பரைக் கவர்ந்தது இந்த இடர் ஏற்பு. தன் கோட்பாடு எந்த அளவீட்டில் தோற்கும் என்று ஐன்ஸ்டைன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். குறிப்பாக, ஈர்ப்பினால் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வது காணப்படாவிட்டால் பொதுச் சார்பியல் நிற்காது என்று எழுதியிருந்தார். ஒரு கோட்பாடு சிலவற்றை "நடக்கக் கூடாது" என்று தடை செய்ய வேண்டும். எவ்வளவு தடை செய்கிறதோ அவ்வளவு அது நமக்குச் செய்தி சொல்கிறது என்பது பாப்பரின் முடிவு.

இதன் தருக்க அடிப்படை உறுதியானது. "எல்லா" என்று தொடங்கும் விதியை ஆயிரம் சான்றுகளாலும் முழுமையாக மெய்ப்பிக்க முடியாது. ஆனால் ஒரே ஓர் எதிர்ச்சான்று அதைப் பொய்ப்பித்துவிடும். மெய்ப்பிப்பு தடுக்கிவிழுந்த இடத்தைப் பொய்ப்பிப்பு இவ்வாறு கடக்கிறது. மேலும், பொய்ப்பிக்க இயலாத கூற்றைப் பொருளற்றது என்று பாப்பர் சொல்லவில்லை. அது அறிவியல் அல்ல என்று மட்டுமே சொன்னார். அறம், கலை, இறையியல் ஆகியவற்றின் பேச்சு அவருக்குப் பொருளுள்ள பேச்சுதான்.

குறைகள் இங்கும் உண்டு. "இந்த வகை மீன் ஏரியில் எங்கோ உண்டு" என்பதை எவ்வளவு தேடினாலும் முற்றிலும் பொய்ப்பிக்க முடியாது. அடுத்த வலையில் அது அகப்படலாம். ஆனால் இது ஓர் இயல்பான ஆய்வுக் கூற்றுதான். மெய்ப்பிப்புக்கு "எல்லா" கடினம் என்றால், பொய்ப்பிப்புக்கு "எங்கோ ஒன்று" கடினம். இதைவிடப் பெரிய குறை, ஓர் அளவீடு கோட்பாட்டோடு மோதும்போது தவறு எங்கே இருக்கிறது என்பதில் உள்ளது. அதற்குக் கோடைக்கானல் நல்ல சான்று.

கோடைக்கானலில் ஐன்ஸ்டைன் சோதனை

சென்னை வானாய்வகத்தின் சூரிய ஆய்வுப் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோடைக்கானல் மலைக்கு மாறியது. 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அந்த விளைவு இன்றும் வழங்குகிறது. 1911 முதல் அவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். சூரிய ஒளியைப் பிரித்து அதிலுள்ள கருங்கோடுகளின் இடத்தை மிக நுண்மையாக அளப்பதில் அவர் உலகில் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர்.

ஐன்ஸ்டைன் சொன்ன சிவப்புப் பெயர்ச்சியைச் சோதிக்க இத்தகைய அளவீடே தேவை. சூரியனில் உள்ள ஓர் அணு வெளியிடும் ஒளியை, பூமியில் ஆய்வகத்தில் அதே அணு வெளியிடும் ஒளியோடு ஒப்பிட்டால், சூரிய ஒளியின் அலைநீளம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு கூடியிருக்க வேண்டும். ஒளிமூலம் நம்மைவிட்டு விநாடிக்கு 0.6 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் விலகிச் சென்றால் வரும் பெயர்ச்சிக்கு இது சமம்.

முதலில் வந்த முடிவுகள் கோட்பாட்டுக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் சார்லஸ் செயின்ட் ஜான் 1917இல் எதிர்பார்த்த பெயர்ச்சியைக் காணவில்லை என்று அறிவித்தார். கோடைக்கானலில் எவர்ஷெட் சிவப்புப் பெயர்ச்சியைக் கண்டார். ஆனால் அது கோட்டுக்குக் கோடு மாறியது. சூரிய வட்டின் நடுவில் குறைவாகவும் விளிம்பில் கூடுதலாகவும் இருந்தது. ஐன்ஸ்டைனின் விளைவு மட்டுமே காரணம் என்றால் நடுவுக்கும் விளிம்புக்கும் இந்த வேறுபாடு வரக் கூடாது.

பொய்ப்பிப்புக் கோட்பாட்டை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவர் இந்த இடத்தில் பொதுச் சார்பியலைக் கைவிட வேண்டும். ஐன்ஸ்டைனே அப்படித்தானே சொல்லியிருந்தார்? அறிவியலாளர்கள் அப்படிச் செய்யவில்லை. காரணம், சோதிக்கப்பட்டது கோட்பாடு மட்டும் அன்று. சூரியனின் மேற்பரப்பில் வாயு அசையாமல் இருக்கிறது, அங்குள்ள அழுத்தம் கோடுகளை நகர்த்தவில்லை, ஒப்பிடப் பயன்பட்ட மின்வில்லின் கோடுகள் சரியான இடத்தில் உள்ளன, ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு படியவில்லை என்ற துணைக் கருதுகோள்கள் எல்லாம் சேர்ந்தே சோதனைக்கு வந்தன. அளவீடு பொருந்தவில்லை என்றால் இவற்றுள் ஏதோ ஒன்று தவறு என்று மட்டுமே தெரியும். எது என்று தெரியாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906இலேயே இதை எடுத்துக்காட்டியிருந்தார். பின்னர் அமெரிக்க மெய்யியலாளர் குவைன் இதை விரித்தார்.

எவர்ஷெட் தம் அளவீடுகளுக்கு ஒரு வினோதமான விளக்கத்தையும் எண்ணிப்பார்த்தார். சூரியனின் வாயுக்கள் பூமியிலிருந்து விலகிச் செல்கின்றனவோ, பூமிக்கு அப்படி ஒரு விளைவு உண்டோ என்பது அது. கேட்டவுடன் சாக்குப்போக்காகத் தோன்றும். ஆனால் அவர் அதை அப்படியே விடவில்லை. பூமியால்தான் இது நிகழ்கிறது என்றால், சூரியனின் வேறு பக்கத்திலிருந்து வரும் ஒளியில் இந்தப் பெயர்ச்சி மாற வேண்டும். அந்தப் பக்கத்தை நாம் நேரே பார்க்க முடியாது. ஆனால் வெள்ளிக் கோள் அதைப் பார்க்கிறது, அதன் ஒளியை நமக்குத் திருப்பி அனுப்புகிறது. எனவே வெள்ளியின் நிறமாலையைப் படம்பிடித்து அளந்தார். பூமி விளைவு உறுதிப்படவில்லை. அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

1920களின் முதல் ஆண்டுகளில் எவர்ஷெட்டும், 1923இல் செயின்ட் ஜானும், ஐன்ஸ்டைன் விளைவு இல்லாமல் அளவீடுகளை விளக்க இயலாது என்ற முடிவுக்கு வந்தனர். நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் பின்னர் தெளிவாயிற்று. சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் உலைநீர் போன்றது. வெப்பமான வாயு மேலெழும்போது பிரகாசமாக இருக்கும். குளிர்ந்து இறங்கும் வாயு மங்கலாக இருக்கும். வட்டின் நடுவில் பார்க்கும்போது மேலெழும் பிரகாசமான வாயு நம்மை நோக்கி வருவதால் கோடுகள் நீலப் பக்கம் சற்று இழுக்கப்பட்டு, ஐன்ஸ்டைன் பெயர்ச்சியில் ஒரு பகுதியை மறைத்துவிடும். விளிம்பில் அந்த அசைவு நம் பார்வைக்குக் குறுக்காக இருப்பதால் மறைப்பு பெரிதும் குறைகிறது. சூரியனின் குழப்பங்கள் எதுவும் இல்லாமல், பூமியிலேயே ஒரு கோபுரத்தின் மேலும் கீழும் இதே விளைவைப் பவுண்டும் ரெப்காவும் 1960இல் அளந்து உறுதிசெய்தனர்.

எனவே ஒரு கோட்பாடு எதிர்ச்சான்றைச் சந்தித்த அன்றே கைவிடப்படுவதில்லை. அது தவறும் அன்று. கைவிடாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் தனியே சோதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே தேவை. பழவேற்காட்டுக் கூற்றுக்கும் இதே விதி. ஓர் அமாவாசையில் இறால் வரவில்லை என்றால், "முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது, கடல்நீர் ஏறவில்லை" என்று முதலாமவர் சொல்லலாம். அதைப் போய்ப் பார்க்க முடியும். "கிரகம் சரியில்லை" என்பதற்கு, இறால் வரவில்லை என்பதைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லை.

புனேயில் சோதிடச் சோதனை

2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தை அறிவியல் என்ற பெயரில் பல்கலைக்கழகப் பாடமாக்க நிதியளிக்க முன்வந்தது. உயிரியலாளர் பி. எம். பார்கவா உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தனர். 2004 மே மாதம், இது கல்வித் துறை வல்லுநர்கள் முடிவு செய்ய வேண்டியது என்று கூறி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எது அறிவியல் என்ற கேள்வி, பொதுப் பணமும் மாணவரின் பட்டமும் சார்ந்த கேள்வியாக அப்போது எழுந்தது.

சில ஆண்டுகளில், வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, மகாராட்டிர மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பின் நரேந்திர தபோல்கர், முன்பு சோதிடம் பயின்ற பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் ஒரு சோதனையை நடத்தினர். முடிவு 2009இல் கரண்ட் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்தது.

படிப்பில் சிறந்த 100 மாணவர்கள், அறிவுசார் குறைபாடுடைய 100 பிள்ளைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்கள் திரட்டப்பட்டு, 200 ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. கலந்துகொள்ள முன்வந்த ஒவ்வொரு சோதிடருக்கும் அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் 40 ஜாதகங்கள் அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது என்று அவர் சொல்ல வேண்டும். 28க்குக் குறையாமல் சரியாகச் சொன்னால் வெற்றி என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது.

இந்த 28 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. ஜாதகத்தைப் பார்க்காமல் நாணயத்தைச் சுண்டி விடை சொன்னாலே சராசரியாக 20 சரியாக வரும். அதிர்ஷ்டத்தால் 21, 22, 23 வருவதும் இயல்பு. ஆனால் நாணயம் சுண்டி 28 அல்லது அதற்கு மேல் எடுக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பொய்ப்பிப்பு அளவுகோலின் இன்னொரு எல்லையும் இங்கே தெரிகிறது. நிகழ்தகவு சார்ந்த கூற்றை ஒற்றை எதிர்ச்சான்றால் பொய்ப்பிக்க முடியாது. எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் தோல்வி என்று மனிதர்களே முன்கூட்டி உடன்பட்டுக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாடு முடிவைப் பார்த்த பின்பு செய்யப்பட்டால் சோதனைக்கு மதிப்பில்லை.

விடை அனுப்பியவர்கள் 27 சோதிடர்கள். அவர்களில் மிக அதிகமாகச் சரியாகச் சொன்னவர் எடுத்தது 24. மொத்தச் சராசரி 46 விழுக்காடு; அதாவது நாணயம் சுண்டுவதற்குச் சற்றுக் கீழே. ஒரு சோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் பார்த்து 102ஐச் சரியாகச் சொன்னது. அதுவும் 51 விழுக்காடுதான்.

24 எடுத்தவரை மெய்ப்பிப்புக் கண்ணோடு மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? "நாற்பதில் இருபத்துநான்கு பலித்தது, பாதிக்கு மேல்" என்று ஒரு விளம்பரமே எழுதலாம். ஆனால் 27 பேர் நாணயம் சுண்டினால், அவர்களில் மூன்று அல்லது நான்கு பேர் 24 அல்லது அதற்கு மேல் எடுப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறது. இங்கே ஒருவர்தான் எடுத்தார். பலித்தவரை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவது எவ்வளவு எளிது, அது எவ்வளவு தவறாக வழிநடத்தும் என்பதற்கு இது போதுமான சான்று.

பொய்ப்பிப்புக் கோட்பாட்டுக்கும் இந்தச் சோதனை ஒரு சங்கடத்தைத் தருகிறது. "ஜாதகத்தைக் கொண்டு அறிவுத்திறனைச் சொல்லலாம்" என்ற கூற்று சோதிக்கப்பட்டுத் தோற்றது. தோற்றது என்றால் அது பொய்ப்பிக்கத்தக்கதாக இருந்தது என்றுதானே பொருள்? அப்படியானால் பாப்பரின் அளவுகோல்படி அது அறிவியல் கூற்று ஆகிவிடும். அமெரிக்க மெய்யியலாளர் லாரி லாடன் 1983இல் இந்தக் குறையைக் கடுமையாகச் சுட்டினார். தவறென்று காட்டப்பட்ட எந்த விந்தைக் கருத்தும் இந்த வாசல் வழியாக அறிவியல் என்ற பெயரோடு நுழைந்துவிடும் என்றார்.

பால் தாகார்ட் 1978இல் வேறு வழி காட்டினார். சோதிடம் பொய்ப்பிக்க இயலாதது என்பதால் அது போலி அறிவியல் ஆகவில்லை. நெடுங்காலமாக முன்னேற்றம் இல்லாமல், தீராத சிக்கல்களைத் தீர்க்க முயலாமல், எதிர்ச்சான்றுகளைக் கணக்கில் எடுக்காமல், வேறு விளக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைப் பின்பற்றுவோர் நடந்துகொள்வதே அதைப் போலி ஆக்குகிறது என்றார். இங்கு அளவுகோல் கூற்றிலிருந்து கூற்றைக் கையாளும் முறைக்கு நகர்கிறது. அதற்குச் சற்று முன்பே இம்ரே லக்காடோஷும் இதே திசையில் சென்றார். ஒரு கோட்பாட்டைக் காக்கச் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் புதிய கணிப்பைத் தந்து, அதில் சிலவாவது பலித்தால் அந்த ஆய்வு வளர்கிறது. திருத்தங்கள் பழைய தோல்விகளுக்கு விளக்கம் சொல்ல மட்டுமே பயன்பட்டால் அது தேய்கிறது.

புனே முடிவுக்குப் பின் ஒருவர் சொல்லக்கூடிய இரண்டு விளக்கங்களை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்க்கலாம். "பெற்றோர் சொன்ன பிறந்த நேரம் துல்லியமாக இருந்திருக்காது" என்பது ஒன்று. இது நேர்மையான விளக்கம். மருத்துவமனைப் பதிவில் நேரம் உள்ளவர்களை மட்டும் எடுத்துச் சோதனையைத் திரும்பச் செய்யலாம்; அப்போது மதிப்பெண் கூட வேண்டும். இது எவர்ஷெட் வெள்ளியைப் பார்த்தது போன்றது. "கலந்துகொண்டவர்கள் உண்மையான சோதிடர்கள் அல்லர்" என்பது மற்றொன்று. உண்மையான சோதிடர் யார் என்று சோதனைக்கு முன்பே பெயர் சொல்ல முடியுமானால் இதுவும் சோதிக்கத்தக்கதே. தோற்ற பிறகுதான் அவர் உண்மையானவர் அல்லர் என்று தெரியவரும் என்றால், அது பழவேற்காட்டில் கண்ட "கிரகம் சரியில்லை" என்ற விடையே.

இரண்டையும் ஒப்பிட்டால்

மெய்ப்பிப்புக் கோட்பாடு சான்றைக் கேட்கிறது. ஒரு பொருள் இருக்கிறதா, ஒரு மருந்து பயன் தந்ததா, ஓர் ஆற்றலை அளக்க முடிகிறதா என்ற கேள்விகளில் அதற்கு மாற்று இல்லை. ஆனால் அது சாதகமான சான்றுகளைத் தேடித் திரட்டும் பழக்கத்துக்கு இடம் தருகிறது. பொது விதிகளை ஏற்றுக்கொள்ள அதனால் இயலவில்லை. பொய்ப்பிப்புக் கோட்பாடு தோற்கும் இடத்தைக் கேட்கிறது. பொது விதிகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடு எதையும் விளக்குவதில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் ஓர் அளவீடு மோதும்போது தவறு எங்கே என்று அது சொல்வதில்லை. நிகழ்தகவுக் கூற்றுகளுக்குத் துணை விதி கேட்கிறது. தோற்றுப்போன கருத்துகளையும் அறிவியல் பட்டியலில் விட்டுவிடுகிறது.

எனவே இன்று பெரும்பாலான மெய்யியலாளர்கள் இவற்றுள் ஒன்றை மட்டும் எல்லைக் கோடாகக் கொள்வதில்லை. ஒரு கூற்றின் முன் இரண்டு கேள்விகளும் வரிசையாக வைக்கப்படுகின்றன. அவற்றோடு மூன்றாவதும் சேர்கிறது. ஆதரவான சான்று எப்படித் திரட்டப்பட்டது, பொருந்தாதவையும் எண்ணப்பட்டனவா என்பது முதல் கேள்வி. எது நடந்தால் கூற்று கைவிடப்படும், அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பது இரண்டாவது. அது நடந்தபோது சொல்லப்பட்ட விளக்கத்தைத் தனியே சோதிக்க முடியுமா, உண்மையில் யாராவது சோதித்தார்களா என்பது மூன்றாவது. கோடைக்கானலில் மூன்றாவது கேள்விக்கு வெள்ளிக் கோளின் நிறமாலைப் படங்கள் விடையாக உள்ளன.